குட்டை ரகத்தில் மணி கூடுவது எந்தக் கட்டத்தில் முடிவாகிறது?

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 3, இரவு 9:40

வகுப்பில் கொடுத்த கணக்கு இது. ஒரே வயல், ஒரே உரம், ஒரே நாள் விதைப்பு, இரண்டுமே கோதுமை. ஒரு சதுர மீட்டரில் நெட்டை ரகத்தின் மொத்த உலர் எடை 1260 கிராம், அதில் மணி 441 கிராம். குட்டை ரகத்தின் மொத்தம் 1270 கிராம், மணி 533 கிராம். மணி எடையை மொத்த எடையால் வகுத்தால் வரும் அறுவடைக் குறியீடு நெட்டைக்கு 0.35, குட்டைக்கு 0.42. வகுத்தல் கணக்கில் சிக்கல் இல்லை.

விளக்கம்தான் எனக்கு ஒட்டவில்லை. குட்டை ரகம் தண்டுக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததை மணிக்குக் கொடுக்கிறது என்று எல்லாக் குறிப்பிலும் ஒரே வரியாக எழுதியிருக்கிறது. ஆனால் தண்டு விறுவிறுவென்று நீளும்போது மணியே கிடையாது. பூத்து, கரு உண்டான பிறகுதான் மணி வளர்கிறது. அதற்குள் தண்டு ஏறக்குறைய நீண்டு முடிந்துவிடும். இன்னும் பிறக்காத மணிக்கு அந்த மிச்சத்தை எப்படிக் கொடுக்க முடியும்?

நீலத்தாள் · பிப்ரவரி 3, இரவு 10:15

தண்டுதான் சேமிப்புக் கிடங்கு. பூப்பதற்கு முன் உண்டான சர்க்கரை தண்டில் தங்கி, மணி பால் பிடிக்கும்போது மேலே போகும். குட்டை ரகம் தண்டின் சுவர் கட்டச் செலவழிக்காததால் அந்தச் சர்க்கரை அதிகமாக மிஞ்சுகிறது. பூத்த பிறகு அது மணிக்குப் போகிறது. இதில் முரண்பாடே இல்லையே.

அரவை · பிப்ரவரி 4, காலை 6:50

0.42 என்றால் நூறு கிலோவுக்கு நாற்பத்திரண்டு கிலோதான் தேறுகிறதா? எங்கள் ஆலையில் நெல்லே அறுபதைத் தாண்டி அரிசி தரும். கோதுமையில் இவ்வளவு சேதாரம் எப்படி? அரைக்கும்போது எங்கே போகிறது?

கண்ணாடி_இலை · பிப்ரவரி 4, காலை 7:30

அரவை ஐயா, நீங்கள் சொல்வது மூட்டைக்குள் வந்த நெல்லில் எவ்வளவு அரிசி என்ற கணக்கு. இங்கே பேச்சு வயலில் நிற்கும் மொத்தப் பயிரைப் பற்றியது. தாள், இலை, உமி, மணி எல்லாவற்றையும் காயவைத்து நிறுத்து, அதில் மணி எவ்வளவு பங்கு என்று பார்ப்பது. வேர் இதில் சேராது. மண்ணிலிருந்து அதை முழுசாகப் பிடுங்கி எடை போட முடியாது என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆலையில் எதுவும் தொலையவில்லை.

இறுதியாண்டுக்கு இன்று மாலை விரிவாக எழுதுகிறேன். நல்ல கேள்வி. நீலத்தாள் சொன்ன கிடங்கு உண்மை. ஆனால் குட்டை ரகத்தின் மணி கூடுவதற்கு முதல் காரணம் அது இல்லை.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 4, மாலை 7:05

பரிசோதனை வயலில் மாதிரி எடுத்துப் பிரித்து எடை போடுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உன் கணக்கில் அறுவடை நாளின் எடை மட்டும் இருக்கிறது. விடையோ பூக்கும் நாளின் எடையில் இருக்கிறது. அதனால் பூக்கும் நாளுக்கு நானே சில எண்களைச் சேர்க்கிறேன். கணக்குக்காக வைத்தவைதான், ஆனால் கோதுமையில் இந்த அளவுகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

நெட்டை ரகம், பூக்கும் நாளில் மொத்தம் 880 கிராம். தண்டும் இலையுறையும் 580, இலைப்பரப்பு 160, கதிர் 140.

குட்டை ரகம், அதே கட்டத்தில் மொத்தம் 820 கிராம். தண்டும் இலையுறையும் 480, இலைப்பரப்பு 155, கதிர் 185.

இந்தக் கதிரில் இன்னும் ஒரு மணிகூட இல்லை. காம்பு, செதில், உமி, பூக்கள், அவ்வளவுதான். ஆனாலும் மொத்தத்தில் கதிரின் பங்கு நெட்டையில் 16 சதவீதம், குட்டையில் 23 சதவீதம். பந்தயம் இங்கேயே முடிந்துவிட்டது.

காரணம் இது. பூப்பதற்கு முந்தைய மூன்று வாரம் போல ஒரு காலம் இருக்கிறது. தண்டின் மேல் கணுவிடைகள் வேகமாக நீளும் அதே நாட்களில்தான் இலையுறைக்குள் மறைந்திருக்கும் கதிரும் எடை போடுகிறது. இலைகள் அன்றன்று தயாரிப்பதை இரண்டும் பங்கு கேட்கின்றன. தண்டின் பசி பெரிது. நெட்டை ரகத்தில் அது எடுத்தது போக மிஞ்சுவதுதான் கதிருக்கு. குட்டை மரபணு தண்டின் செல்கள் நீள்வதைத் தடுக்கிறது. அதனால் தண்டின் கேட்பு குறைந்து, கதிருக்கு அன்றாடம் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆக, மிச்சம் போவது மணிக்கு இல்லை, கதிருக்கு. உன் ஐயத்துக்கு இதுதான் நேர்விடை.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 4, இரவு 8:20

கதிர் கனத்தால் மணி ஏன் கூட வேண்டும் அக்கா? உமியும் காம்பும் தடித்திருக்கலாமே.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 4, இரவு 9:45

ஒரு கோதுமைச் சிறுகதிரைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? கதிரில் இருபது போலச் சிறுகதிர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு முதல் பத்து பூக்கள் தொடங்குகின்றன. அறுவடையில் ஒரு சிறுகதிருக்கு இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு மணிதான். மற்ற பூக்கள் பூக்காமலே செத்துப் போகின்றன. சாவது தண்டு மிக வேகமாக நீளும் அந்த நாட்களில்தான்.

கதிருக்கு முன் கடைசியாக வரும் கண்ணாடி இலை வெளிவந்து, இலையுறை வீங்கத் தொடங்கியதும் ஒரு செடியை எடு. உறையை நகத்தால் கீறிக் கதிரை வெளியே எடுத்து, நடுவில் இருக்கும் ஒரு சிறுகதிரை ஊசியால் அடியிலிருந்து மேலே ஒவ்வொரு பூவாகப் பிரி. அடியில் இருக்கும் பூக்களில் மகரந்தப்பை பச்சையாக, நாலு மூலையும் தெளிவாக உப்பியிருக்கும். சூல்முடி இரண்டாகப் பிரிந்து பஞ்சு வைக்கத் தொடங்கியிருக்கும். மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் இருப்பவை கண்ணாடி போல வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். அவை தேறாது. மூன்றாவது, நான்காவது பூதான் இழுபறியில் இருக்கும். கதிருக்கு வரவு கூடினால் அவை பிழைக்கும், குறைந்தால் காயும்.

பூக்கும் நாளில் கதிரின் உலர் எடையும், பிறகு கிடைக்கும் மணிகளின் எண்ணிக்கையும் கோதுமையில் ஏறக்குறைய நேர்விகிதத்தில் போவது இதனால்தான். கதிர் எடையில் கிராமுக்கு 90 மணி என்று வை. நெட்டைக்கு 140 × 90 = 12,600 மணி. குட்டைக்கு 185 × 90 = 16,650 மணி. நெட்டையின் ஒரு மணி 35 மி.கி. என்றால் 441 கிராம். குட்டையின் மணி கொஞ்சம் சிறிது, 32 மி.கி. என்றால் 533 கிராம். உன் வாத்தியார் கொடுத்த எண்கள் வந்துவிட்டனவா?

குட்டையில் மணி பெருக்கவில்லை என்பதைக் கவனி. பெரும்பாலும் தனி மணி கொஞ்சம் சிறுத்தே போகிறது. விளைச்சல் கூடியது எண்ணிக்கையால்.

வைக்கோல்போர் · பிப்ரவரி 5, காலை 5:55

படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன். நான் நெல் போடுகிறவன். அப்பா காலத்து நெட்டை ரகம் என் தோளுக்கு நிற்கும். உரம் போட்டால் பச்சைப் பசேலென்று வரும். பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு காற்றுமழை அடித்தால் மொத்தமும் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். குட்டை ரகம் வந்த பிறகு அந்தக் கவலை போனது. உரத்தைத் தாராளமாகப் போட்டோம், விளைந்தது. என் அனுபவத்தில் குட்டையின் ரகசியம் சாயாமல் நிற்பதுதான். பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே குறை, மாட்டுக்கு வைக்கோல் பத்துவதில்லை.

நீலத்தாள் · பிப்ரவரி 5, காலை 9:10

இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எங்களுக்குச் சொன்னதும் சாயாமைதான். பங்கீடு என்பது அதற்குப் பின்னால் வந்த விளக்கமாக எனக்குப் படுகிறது. சாய்ந்த பயிரில் மணி பாதியில் நின்றுவிடும், குறியீடு தானே குறையும். அப்படியானால் 0.35க்கும் 0.42க்கும் உள்ள வித்தியாசம் சாய்ந்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 5, மாலை 6:40

வைக்கோல்போர் ஐயா சொல்வது பெரிய உண்மை. தழைச்சத்தைக் கூட்டிப் போட வழி திறந்ததே சாயாமைதான். 1966இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்தபோது உழவர்கள் கண்ட வித்தியாசமும் இதுவே. ஆனால் நீலத்தாளின் சந்தேகத்தை வயலிலேயே சோதித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பயிர்ப்பெருக்க நிலையத்தில் ஆஸ்டினும் உடன் இருந்தவர்களும் 1980இல் வெளியிட்ட சோதனை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த லிட்டில் ஜாஸ் முதல் அப்போதைய புதுக் குட்டை ரகங்கள் வரை குளிர்காலக் கோதுமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். நெட்டை ரகம் எதுவும் சாயாதபடி பயிருக்கு வலை கட்டித் தாங்கினார்கள். நோய்க்கும் மருந்தடித்தார்கள். அதாவது சாய்தல் என்ற காரணத்தையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியும் புது ரகங்கள் கூடுதலாக விளைந்தன. தரைக்கு மேல் இருந்த மொத்த உலர் எடையோ பழசுக்கும் புதுசுக்கும் பெரிதாக மாறவில்லை. குறியீடு மட்டும் 0.35ஐ ஒட்டிய இடத்திலிருந்து 0.50ஐ ஒட்டி ஏறியிருந்தது. கூடிய விளைச்சலில் பெரும்பங்கு பங்கீடு மாறியதால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வயலில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். சாயாமல் நிற்பதால் உரம் ஏறுகிறது, அந்த உரத்தால் மொத்த எடை ஏறுகிறது, ஏறிய எடையில் கதிர் பெரிய பங்கை எடுக்கிறது. உழவர் கண்ணுக்கு முதலில் தெரிவது சாயாமை. உரம் கம்மியாகப் போட்டு, ஒன்றும் சாயாத ஒரு வயலில் பார்த்தால்தான் இரண்டாவது தனியாகத் தெரியும்.

வைக்கோல்போர் · பிப்ரவரி 5, இரவு 7:30

வலை கட்டித் தாங்கினார்களா! சரி, அப்படிச் செய்தும் குட்டைதான் ஜெயித்தது என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 5, இரவு 11:20

அக்கா, உங்கள் எண்களில் இரண்டு இடம் எனக்குப் பொருந்தவில்லை. தண்டில் 580க்கும் 480க்கும் வித்தியாசம் 100 கிராம். கதிருக்குக் கூடியது 45 மட்டும். மீதி எங்கே? அடுத்தது, பூக்கும்போது குட்டை 60 கிராம் பின்தங்கியிருக்கிறது. அறுவடையில் 10 கிராம் முந்திவிட்டது. இது எப்படி?

கண்ணாடி_இலை · பிப்ரவரி 6, மாலை 8:00

இதைக் கேட்பாய் என்றுதான் எண்களை அப்படி வைத்தேன்.

முதல் கேள்வி. தண்டு கேட்காமல் விட்டது முழுவதும் கதிருக்குப் போவதில்லை. குட்டைப் பயிரில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும். மேலிலை கீழிலைக்கு நிழல் கட்டும். அதனால் அந்தக் கட்டத்தில் மொத்தத் தயாரிப்பே கொஞ்சம் குறையலாம். எங்கள் மாதிரிகளில் பூக்கும் நாளில் குட்டை ரகம் நெட்டையைவிட எடை குறைந்து நிற்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தண்டில் 100 குறைந்ததில் கதிருக்கு 45 போனால் அதுவே நல்ல பங்கு.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. பூத்த பிறகு நெட்டை சேர்த்தது 1260 − 880 = 380 கிராம். குட்டை சேர்த்தது 1270 − 820 = 450 கிராம். இலைப்பரப்பு கிட்டத்தட்ட ஒன்றே, ஆனாலும் குட்டையின் இலை அதிகம் உழைத்திருக்கிறது. ஏனென்றால் இழுக்க ஆள் அதிகம். 16,650 மணிகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருந்தால் இலையில் தேக்கம் வராது. கோதுமையில் பூத்த பிறகு கதிரை வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடி இலையின் ஒளிச்சேர்க்கை இறங்கிவிடுவதை 1960களிலேயே காட்டியிருக்கிறார்கள். வாங்க ஆள் இல்லாமல் போனால் தயாரிப்பும் மந்தமாகிவிடும்.

அதனால் குட்டை ரகத்தின் இலைக்குப் பிறவியிலேயே திறமை அதிகம் என்று எண்ண வேண்டாம். மணி எண்ணிக்கை கூடியதால் இலை தன் முழுத் திறனுக்குப் போனது.

இப்போது நீலத்தாளின் கிடங்குக்கு வருவோம். நெட்டையில் மணி 441, பூத்த பிறகு தயாரித்தது 380. குறைந்தது 61 கிராம் பழைய சேமிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். குட்டையில் 533 − 450 = 83 கிராம். மணி எடையில் இது 14, 16 சதவீதம். நல்ல தண்ணீர் உள்ள வயலில் இந்த அளவு இயல்பு. கிடங்கு உண்டு, உதவுகிறது. ஆனால் 92 கிராம் வித்தியாசத்தில் அது கொடுத்தது 22 மட்டும்.

நீலத்தாள் · பிப்ரவரி 7, காலை 10:30

சரி, ஏற்கிறேன். ஆனால் கடைசியில் வறட்சி அடித்தால்? அப்போது இலை காய்ந்துவிடும், சேமிப்பை நம்பித்தான் மணி நிறைய வேண்டும். நீண்ட தண்டுக்குக் கிடங்கும் பெரிது. அங்கே நெட்டை ஜெயிக்க வேண்டுமே.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 7, மாலை 9:15

அங்கே உங்கள் வாதத்துக்கு வலு கூடுகிறது. வறட்சியில் சேமிப்பின் பங்கு ஏறும் என்பது உறுதி. ஆனால் கிடங்கின் அளவு நீளத்தை மட்டும் பொறுத்ததில்லை. ஒரு சென்டிமீட்டர் தண்டில் எவ்வளவு சர்க்கரை அடைந்திருக்கிறது என்பது ரகத்துக்கு ரகம் வெகுவாக மாறும். குட்டையான, கெட்டியான தண்டு நெட்டைக்குச் சமமாகச் சேர்த்து வைத்திருப்பதையும் பார்க்கிறோம்.

வறட்டு நிலத்தில் குட்டைக்கு நிச்சயமான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டைக் கோதுமை வழி வந்த குட்டை மரபணு தண்டை மட்டும் குறுக்குவதில்லை. முளைக்கும்போது குருத்தைப் பொத்திக் கொண்டுவரும் முளையுறையையும் குறுக்கிவிடுகிறது. ஈரத்தைத் தேடி விதையை ஆழமாகப் போட்டால் உறை மண்ணுக்கு மேல் எட்டாது. முதல் இலை மண்ணுக்குள்ளேயே மடங்கிச் சுருண்டு நின்றுவிடும். தோண்டிப் பார்த்தால் மஞ்சளாகச் சுருட்டிய இலை கிடைக்கும். நெட்டை ரகம் அதே ஆழத்திலிருந்து வந்துவிடும். ஆழ விதைப்பு தேவைப்படும் இடங்களுக்கு முளையுறையைக் குறுக்காத வேறு குட்டை மரபணுக்களைத் தேடுவது இதனால்தான்.

வறட்சியில் எது ஜெயிக்கும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வறட்சி எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 9, மாலை 6:30

குட்டை மரபணுவைச் சோதிக்க ஆய்வகத்தில் செடியை நீளச் செய்யும் ஜிப்பரெல்லின் ஹார்மோன் கரைசலில் நாற்று வளர்த்தோம். குட்டைக் கோதுமை அசையவே இல்லை. குட்டை நெல் மட்டும் நெட்டைக்குப் போட்டியாக நீண்டுவிட்டது. விதை கலந்துவிட்டது என்று தோழி சொல்கிறாள்.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 9, இரவு 8:10

விதை கலக்கவில்லை, உங்கள் சோதனை அருமையாக வந்திருக்கிறது! இரண்டு பயிரும் குட்டையானது வெவ்வேறு வழியில்.

கோதுமையில் டெல்லா என்ற புரதம் வளர்ச்சிக்குப் பூட்டுப் போடுகிறது. ஜிப்பரெல்லின் வந்தால் அந்தப் புரதம் சிதைந்து பூட்டுத் திறக்கும். நோரின் 10 மரபணுவில் புரதத்தின் முன்பகுதி கெட்டிருப்பதால் ஜிப்பரெல்லினால் அதைச் சிதைக்க முடியாது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் செடி கேட்காது. இது 1999இல் தெரியவந்தது.

ஐ.ஆர். 8க்கு டீ-ஜியோ-வூ-ஜென் என்ற ரகத்திலிருந்து வந்த மரபணுவில் கோளாறு வேறு. அங்கே ஜிப்பரெல்லினைத் தயாரிக்கும் நொதி ஒன்று கெட்டிருக்கிறது. செடி தானே போதுமான அளவு தயாரிக்காது, வெளியிலிருந்து கொடுத்தால் நீளும். இதைக் கண்டது 2002இல். வழி வேறாக இருந்தும் பங்கீட்டில் வந்த பலன் ஒரே திசையில் இருப்பது தண்டு–கதிர் போட்டி என்ற விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது. காரணம் அந்த மரபணுவின் தனித்தன்மையில் இல்லை, தண்டு குறுகியதில் இருக்கிறது.

வைக்கோல்போர் · பிப்ரவரி 10, காலை 6:05

அப்படியானால் இன்னும் குட்டையாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு ரகம் எடுத்தால் இன்னும் விளையுமா?

கண்ணாடி_இலை · பிப்ரவரி 10, மாலை 7:20

விளையாது ஐயா. கோதுமையில் நோரின் 10 தந்த இரண்டு குட்டை மரபணுவையும் ஒரே செடியில் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த உயரம் வந்துவிடும். இலைகள் தட்டுத்தட்டாக நெருங்கி வெயிலைப் பங்கிட முடியாமல் மொத்த எடையே சரிந்துவிடும். குறியீடு நன்றாகவே இருக்கும், விளைச்சல் இருக்காது. நல்ல விளைச்சல் தரும் கோதுமைகள் பெரும்பாலும் 70 முதல் 100 செ.மீ. உயரத்துக்குள் அடங்குகின்றன.

இறுதியாண்டு, இதைக் குறித்துக்கொள். விளைச்சல் என்பது மொத்த எடையும் குறியீடும் பெருக்கி வருவது. குறியீடு ஏறியதாலேயே ரகம் மேம்பட்டது என்று எழுதக் கூடாது. மொத்த எடை இறங்கினாலும் குறியீடு ஏறும். தாங்கும் தண்டும் உழைக்கும் இலையும் இல்லாமல் மணி இல்லை என்பதால் உச்சவரம்பும் உண்டு. கோதுமைக்கு அது 0.60ஐ ஒட்டி இருக்கும் என்று ஆஸ்டின் குழு கணித்தது. நல்ல ரகங்கள் 0.50ஐத் தொட்டுவிட்டதால், இனி மொத்த எடையையே ஏற்ற வேண்டியிருக்கிறது.

நீலத்தாள் · பிப்ரவரி 11, மதியம் 1:40

மக்காச்சோளத்தை யாரும் குட்டையாக்கவில்லை. அங்கும் விளைச்சல் பல மடங்கு ஏறியிருக்கிறதே.

கண்ணாடி_இலை · பிப்ரவரி 11, இரவு 8:50

மித வெப்ப நாடுகளின் மக்காச்சோளத்துக்கு அண்மைக்காலம் வரை அது சரி. அங்கே பழைய கலப்பினங்களிலேயே குறியீடு 0.50ஐ ஒட்டி இருந்தது. நெருக்கி நட்டாலும் தாங்கும் செடிகளைத் தேர்ந்ததால் மொத்த எடை ஏறி விளைச்சல் வந்தது. ஆனால் வெப்ப மண்டல மக்காச்சோளத்தில் மெக்சிகோவில் இருக்கும் சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு நிலையம் உயரத்தைக் குறைக்கவென்றே பதினைந்து சுற்றுத் தேர்வு நடத்தியது. உயரம் 282 செ.மீ.யிலிருந்து 179க்கு இறங்கியது. குறியீடு 0.30இலிருந்து 0.45க்கு ஏறியது. தண்டு பெரிதாகத் தின்னும் பயிரில்தான் குட்டையாக்கிப் பலன் பார்க்க முடியும்.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 16, மாலை 5:15

செய்முறைக்கு எங்கள் குழு தனியாக மாதிரி எடுத்தது. அதே குட்டை ரகம், பக்கத்துப் பாத்தி. எங்களுக்கு 0.46 வருகிறது. இன்னொரு குழுவுக்கு 0.42. ரகம் ஒன்றுதானே?

கண்ணாடி_இலை · பிப்ரவரி 16, இரவு 9:30

மணியைக் காயவைத்தீர்களா? மூட்டையில் போடும் பதத்தில் மணியில் 14 சதவீதம் போல ஈரம் இருக்கும். 533 கிராம் உலர் மணி அப்போது 620 கிராம் காட்டும். தாளை மட்டும் அடுப்பில் காயவைத்து 737 கிராம் என்று எழுதியிருந்தால், 620ஐ 1357ஆல் வகுக்கிறீர்கள். 0.46 தான் வரும். ஒரே மாதிரி, ஈரத்தால் மட்டும் நாலு புள்ளி ஏறிவிட்டது. இரண்டையும் 70 முதல் 80 டிகிரியில், அடுத்தடுத்து நிறுத்தால் எடை மாறாத வரை காயவை.

அதுவும் இல்லையென்றால் அறுத்த உயரத்தைப் பார். தாளின் அடிப்பகுதிதான் கெட்டியானது. சதுர மீட்டருக்கு 60 கிராம் அடித்தாளை வயலிலேயே விட்டிருந்தால் 0.42 என்பது 0.44 ஆகிவிடும். உதிர்ந்து மண்ணில் கிடக்கும் காய்ந்த இலையையும் பொறுக்க வேண்டும். இரண்டு ரகத்தை ஒப்பிடும்போது ஒரே ஆள், ஒரே அரிவாள், தரையோடு ஒட்டி அறுப்பது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 17, காலை 7:10

மணியைக் காயவைக்கவில்லை. இன்று அடுப்பில் வைக்கிறோம்.

வைக்கோல்போர் · பிப்ரவரி 17, காலை 8:25

ஒரு சந்தேகம். கோதுமைக்குத் தண்டு குட்டையாக மருந்து தெளிப்பார்களாமே. நெட்டை ரகத்துக்கு அதை அடித்தால் இந்த மணிக்கணக்கு வந்துவிடாதா?

கண்ணாடி_இலை · பிப்ரவரி 17, இரவு 9:00

குளோர்மெக்குவாட்டைச் சொல்கிறீர்கள். செடிக்குள் ஜிப்பரெல்லின் உண்டாவதைத் தடுக்கும் மருந்து. சாயாமல் காக்க அது உதவும். சாயாத வயலில் மணியும் கூடுமா என்றால் சில சோதனையில் கூடியது, சிலவற்றில் ஒன்றுமில்லை. என் கருத்து, தெளித்த நேரம்தான் காரணம். மரபணு தண்டு நீளும் காலம் முழுக்க வேலை செய்கிறது. மருந்து பெரும்பாலும் அடிக் கணுவிடைகளைக் குறுக்கிவிட்டு வீரியம் இழக்கிறது. கதிரோடு போட்டியிடும் மேல் கணுவிடைகள் பிறகு வழக்கம்போல் நீண்டுவிடுகின்றன.

நீலத்தாள் · பிப்ரவரி 18, காலை 9:45

நேரம்தான் காரணம் என்றால் கண்ணாடி இலை தலைகாட்டும்போது தெளித்தால் மணி கூட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் மருந்து கதிரின் வளர்ச்சியையும் சேர்த்து அடிக்காதா? இரண்டு தேதியில் தெளித்து, பூக்கும் நாளில் கதிரைத் தனியாக எடை போட்ட சோதனை யாரிடமாவது இருந்தால் போடுங்கள். எனக்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

இறுதியாண்டு_பயிரியல் · பிப்ரவரி 19, இரவு 10:05

காய்ந்த எடையில் எங்களுக்கு 0.43. மற்றக் குழுவோடு ஒட்டிவிட்டது. நீலத்தாள் அண்ணா கேட்ட சோதனையை அடுத்த பருவத் திட்டமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நெட்டை ரகம் மட்டும், தெளிக்காத பாத்தி ஒன்று, அடிக்கணு தெரியும்போது ஒன்று, கண்ணாடி இலையின்போது ஒன்று. எல்லாப் பாத்திக்கும் வலை கட்டுகிறோம்.